புத்தகத்தில் இரண்டு லட்சம், மெஷினில் பதினெட்டாயிரம்

*ஐயா, நாங்கள் திருக்கோவில் ஊர். வெள்ளாமை வெட்டி நெல்லை மில்லுக்குக் கொடுத்தோம். மில்காரர் 182,500 ரூபாய்க்குச் செக் தந்தார். அது வேறு வங்கிச் செக். வெள்ளிக்கிழமை பின்னேரம் என் சேமிப்புக் கணக்கில் போட்டேன். புத்தகத்தில் 214,350 என்று பதிந்து தந்தார்கள். சனிக்கிழமை வெட்டு மெஷின்காரருக்குக் கொடுக்க 45,000 எடுக்க அக்கரைப்பற்றுக்குப் போனால், போதிய பணம் இல்லை என்று ஏடிஎம் சொல்கிறது. துண்டில் Ledger Balance 214,350.00 என்றும் Available Balance 18,150.00 என்றும் இருக்கிறது. செக் போடும் முன்னமே கணக்கில் 31,850 இருந்தது. செக்கை விட்டாலும் அதாவது இருக்க வேணுமே? வியாழக்கிழமை கார்டில் 12,700க்கு ஒரு ஃபேன் வாங்கினேன், ஆனால் அது புத்தகத்தில் விழவேயில்லை. திங்கள் போயா. செவ்வாய் லீசிங் காசு 14,500 கணக்கில் வெட்டுப்படும். இதில் எது என் காசு?*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் காசு எங்கும் போகவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை லீசிங் வெட்டுப்பட இருப்பதால் அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது நீங்கள் நம்பிச் செலவழிக்கக்கூடியது அந்த 18,150 மட்டும்தான். அதிலும் 14,500 லீசிங்குக்கு வேண்டும். மிஞ்சுவது 3,650. ஏடிஎம் எடுக்க விடுகிறதே என்று மெஷின்காரருக்குப் பத்தாயிரம் எடுத்துக் கொடுத்தீர்களோ, செவ்வாய்க்கிழமை லீசிங் தவணை போகாது. தவணை வெட்டுப்படும்போது கணினி பார்ப்பது உங்கள் புத்தகத்தில் உள்ள 214,350ஐ அல்ல, எடுக்கக்கூடிய மீதியை. தவணை தவறினால் லீசிங் கம்பனி பிந்திய கட்டணம் போடும், சில வங்கிகள் தங்கள் பக்கத்தாலும் ஒரு கட்டணம் எடுக்கும். மெஷின்காரரிடம் புதன் பின்னேரம் அல்லது வியாழன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர் ஊரில் உங்களைப் போல எத்தனையோ பேரிடம் இதைக் கேட்டிருப்பார்.

சரி, இனி விஷயத்துக்கு வருவோம்.

லெட்ஜர் மீதி என்பது வங்கி தன் பேரேட்டில் உங்கள் பெயரில் இதுவரை பதிந்து முடித்த வரவு செலவுகளின் கூட்டுக் கழித்தல். எடுக்கக்கூடிய மீதி என்பது இந்த நிமிடம் நீங்கள் கேட்டால் வங்கி தரக்கூடிய தொகை. முதலாவதிலிருந்து சிலவற்றைக் கழித்தால் இரண்டாவது வரும். உங்கள் கணக்கில் கழிபட்டவை மூன்று. முதலில் செக், 214,350இலிருந்து 182,500 போனால் 31,850. அடுத்து ஃபேன், அதில் 12,700 போனால் 19,150. கடைசியாக, சேமிப்புக் கணக்கில் எப்போதும் கிடக்க வேண்டிய ஆகக் குறைந்த மீதி. உங்கள் வங்கியில் அது 1,000 ரூபாயாக இருக்க வேண்டும், ஏனென்றால் அதையும் கழித்தால்தான் ஏடிஎம் துண்டில் உள்ள 18,150 சரியாக வருகிறது. ஒரு ரூபாயும் பிசகவில்லை.

இதில் செக்கைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். அறுவடைக் காலத்தில் கவுண்டருக்கு முன்னால் நடக்கும் வாக்குவாதங்களில் பெரும்பகுதி இதனால்தான் வருகிறது.

மில்காரர் உங்களிடம் தந்தது காசு அல்ல. 'என் கணக்கிலிருந்து இவருக்கு இவ்வளவு கொடுங்கள்' என்று அவர் தன் வங்கிக்கு எழுதிய கட்டளை அது. அந்தக் கட்டளையை ஏற்பதா இல்லையா என்று முடிவெடுக்க வேண்டியது அவருடைய வங்கி, உங்களுடைய வங்கி அல்ல. உங்கள் வங்கி செய்வது உங்களுக்காக வசூலித்துக் கொடுக்கும் வேலை மட்டும். ஆனாலும் செக்கை வாங்கிய உடனே உங்கள் கணக்கில் 182,500 என்று வரவு வைத்துவிட்டார்கள். ஏன்? செக்கைப் பொறுப்பேற்றதற்குப் பேரேட்டில் ஒரு பதிவு வேண்டும். பதியாமல் விட்டால், உங்கள் செக் எங்கே கிடக்கிறது என்பதற்குக் கணக்கில் எந்தத் தடயமும் இருக்காது. ஆகவே வரவு விழுகிறது, கூடவே 'இன்னும் வசூலாகவில்லை' என்ற பூட்டும் விழுகிறது. பாஸ்புக் அச்சிடும் மெஷின் வரவை மட்டும் அச்சிடுகிறது. பூட்டை அது அச்சிடுவதில்லை. உங்களைக் குழப்பியது இதுதான், நியாயமான குழப்பம். புத்தகத்தைப் பதிந்து தந்தபோதே 'இது வசூலாகப் புதன் ஆகும் அம்மா' என்று கவுண்டரில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்களுக்கு அக்கரைப்பற்றுப் பயணம் மிச்சம். அதைச் சொல்லாமல் விடுவது கவுண்டரில் இருப்பவர்களின் தவறு என்றே நான் நினைக்கிறேன்.

செக் இப்போது என்ன பாடுபடுகிறது என்று பார்ப்போம். இலங்கையில் 2006ஆம் ஆண்டிலிருந்து செக்குத் தாள் ஊர் ஊராகப் பயணம் செய்வதில்லை, அதன் படம்தான் போகிறது. நீங்கள் கொடுத்த செக்கின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் உங்கள் வங்கி ஸ்கேன் செய்யும். செக்கின் அடியில் ஒரு வெள்ளைப் பட்டையில் தடித்த எண்கள் வரிசையாக இருக்குமே, அதில் செக் இலக்கம், வங்கியின் இலக்கம், கிளையின் இலக்கம், மில்காரரின் கணக்கு இலக்கம் எல்லாம் இருக்கும். படமும் அந்த எண்களும் கொழும்பில் லங்காபே நடத்தும் தீர்வகத்துக்குப் போகும். அங்கிருந்து மில்காரரின் வங்கிக்குப் போகும். அந்த வங்கி கையொப்பம் பொருந்துகிறதா, திகதி சரியா, எழுத்தில் உள்ள தொகையும் எண்ணில் உள்ள தொகையும் ஒன்றா, கணக்கில் காசு இருக்கிறதா என்று பார்க்கும். மறுப்பதானால் அடுத்த வேலை நாளில் குறித்த நேரத்துக்குள் திருப்பிவிட வேண்டும். அந்த நேரம் தாண்டியும் திருப்பவில்லை என்றால் செக் செல்லுபடியாகிவிட்டது என்று அர்த்தம். அப்போதுதான் உங்கள் கணக்கில் பூட்டு கழரும்.

'அடுத்த வேலை நாள்' என்பதைக் கொஞ்சம் கவனமாக எண்ண வேண்டும். நீங்கள் செக்கைப் போட்டது வெள்ளிக்கிழமை பின்னேரம். கிளை திறந்திருந்தாலும் செக் படங்களை அனுப்புவதற்கு என்று தனியாக ஒரு கடைசி நேரம் உண்டு. கிளை பூட்டும் நேரத்துக்கு முன்னதாகவே அது முடிந்துவிடும். அதற்குப் பிறகு வாங்கும் செக் அடுத்த வேலை நாளில் வாங்கியதாகவே கணக்கில் சேரும். சனிக்கிழமை சில கிளைகள் திறந்திருக்கும், காசு போடலாம் எடுக்கலாம், ஆனால் செக் தீர்வு நடக்காது. ஞாயிறு விடுமுறை. திங்கள் போயா, வங்கி விடுமுறை. ஆக, உங்கள் செக் பயணம் தொடங்குவதே செவ்வாய்க்கிழமை. மில்காரரின் வங்கி பதில் சொல்ல வேண்டியது புதன்கிழமை. புதன் பின்னேரம், பிந்தினால் வியாழன் காலை காசு உங்கள் கைக்கு வரும். வெள்ளிக்கிழமை காலையிலேயே கொடுத்திருந்தால் அன்றைக்கே படம் போயிருக்கும், செவ்வாய்க்கிழமை வேலை முடிந்திருக்கும். பின்னேரம் கொடுத்ததில் ஒரு வேலை நாள் போய்விட்டது.

மில்காரருக்கும் உங்களுக்கும் ஒரே வங்கியில் கணக்கு இருந்தால் இவ்வளவு சுற்றும் தேவையில்லை. அந்த வங்கி தன் கணினியிலேயே அவர் கணக்கைப் பார்த்து, காசு இருந்தால் பெரும்பாலும் அன்றைக்கே மாற்றிவிடும்.

செக் திரும்பினால் என்ன நடக்கும்? மில்காரர் திருப்பிவிடுவார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்த மீதி உண்மை பேசுகிறது என்பது அந்த நேரத்தில்தான் தெளிவாகத் தெரியும். மில்காரரின் கணக்கில் காசு போதாது என்று அவருடைய வங்கி புதன்கிழமை திருப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பேரேட்டில் 182,500 பற்று விழும். லெட்ஜர் மீதி ஒரே நாளில் இரண்டு லட்சத்திலிருந்து சரிந்துவிடும். எடுக்கக்கூடிய மீதியில் செக்கால் ஒரு மாற்றமும் வராது, திரும்பிய செக்குக்கு வங்கி கட்டணம் எடுத்தால் அது மட்டும் குறையும். அந்த 182,500 எடுக்கக்கூடிய மீதிக்குள் ஒருபோதும் வரவேயில்லை என்பதால்தான் அப்படி. பூட்டு இல்லாமல் வெள்ளிக்கிழமையே 45,000 எடுத்து மெஷின்காரருக்குக் கொடுத்திருந்தால், செக் திரும்பியதும் அதில் உங்கள் சொந்தக் காசுக்கு மேல் எடுத்ததை வங்கிக்கு நீங்கள்தான் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். சேமிப்புக் கணக்கு மறை எண்ணுக்கு இறங்கும், வட்டி ஏறும், கிளையிலிருந்து அழைப்பு வரும். நெல்லும் போய், காசும் போய், கடனும் வந்து சேரும்.

சில கிளைகளில், நீண்ட நாள் வாடிக்கையாளர் என்று தெரிந்தால், வசூலாகாத செக்கின்மேல் கொஞ்சக் காசு எடுக்க முகாமையாளர் இடம் கொடுப்பதுண்டு. அது முகாமையாளரின் அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயம், உங்கள் உரிமை அல்ல. அந்த நாட்களுக்கு வட்டியும் எடுப்பார்கள். செக் தந்தவரை நீங்கள் பல போகமாக அறிந்திருந்தால் ஒழிய அதைக் கேட்காதீர்கள் என்பேன். திரும்பினால் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில்தான்.

'இந்த ஐந்து நாளும் என் காசுக்கு வட்டி போச்சே' என்று உங்களுக்குத் தோன்றலாம். சேமிப்பு வட்டி நாளாந்த மீதிக்குக் கணிக்கப்படும். ஆனால் செக்குக்கு, பதிந்த நாளிலிருந்து அல்ல, வசூலான நாளிலிருந்தே வட்டி கணிப்பதுதான் வழமை. ஆண்டுக்கு 3 வீதம் வட்டி என்று வைத்தால், 182,500க்கு ஒரு நாள் வட்டி 15 ரூபாய். வெள்ளியிலிருந்து புதன்வரை 75 ரூபாய். அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. மெஷின்காரர் காத்திருப்பதுதான் பெரிய சங்கடம்.

இனி ஃபேனுக்கு வருவோம். இது செக்குக்கு நேர் எதிரான கதை. செக்கில் வரவு முதலில் பதியப்பட்டு, காசு பிறகு வருகிறது. கார்டில் காசு முதலில் பூட்டப்பட்டு, பற்று பிறகு பதியப்படுகிறது. கடைக்காரர் உங்கள் கார்டைப் போட்டபோது அவருடைய மெஷின் உங்கள் வங்கியிடம் '12,700 இருக்கிறதா' என்று கேட்டது. இருக்கிறது என்று உங்கள் வங்கி சொன்னது. சொன்ன கையோடு அந்தத் தொகையை வேறு யாரும் எடுக்காதபடி ஒதுக்கி வைத்துவிட்டது. கடைக்காரர் ஃபேனைத் துணிந்து தருவது அந்தப் பதிலை நம்பித்தான். ஆனால் காசு அந்த நிமிடமே அவர் கைக்குப் போவதில்லை. அன்றைய கார்டு விற்பனைகளை அவர் மெஷினில் மொத்தமாக முடித்து அனுப்ப வேண்டும், அது அவருடைய வங்கி வழியாக உங்கள் வங்கிக்கு வர வேண்டும். அப்போதுதான் பேரேட்டில் பற்று விழும். ஓரிரு வேலை நாள் ஆகலாம். வார இறுதியும் போயாவும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் இழுக்கும். அதுவரை லெட்ஜரில் ஃபேன் இல்லை, எடுக்கக்கூடிய மீதியில் இருக்கிறது. கடையில் இருந்த மெஷின் உங்கள் வங்கியினுடையதாகவே இருந்தால் சில வேளை பற்று அன்றைக்கே விழுந்திருக்கும். விழவில்லை என்பதால் அது வேறு வங்கியின் மெஷினாக இருக்கலாம்.

இதில் ஆட்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கடைக்காரர் விற்பனையை அனுப்பப் பல நாள் தாமதித்தால் உங்கள் வங்கி வைத்த பூட்டு காலாவதியாகித் தானாகக் கழன்றுவிடும். எடுக்கக்கூடிய மீதி 12,700ஆல் கூடிவிடும். காசு திரும்பி வந்துவிட்டது, கடைக்காரர் எடுக்க மறந்துவிட்டார் என்று நினைத்துச் செலவழித்துவிடுவார்கள். பிறகு ஒரு நாள் அந்தப் பற்று வந்து விழும். ஃபேன் வீட்டில் சுற்றிக்கொண்டிருக்கிறது, ஆகவே பற்று வந்தே தீரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் 12,700 பற்று விழுந்ததைக் கண்ணால் காணும்வரை அந்தக் காசைத் தொடாதீர்கள். எப்போதாவது இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். பற்று விழுந்த பிறகும் பழைய பூட்டு கழராமல் நிற்கும், அப்போது ஒரே ஃபேனுக்கு 12,700 இருமுறை கழிபட்டது போல எடுக்கக்கூடிய மீதி குறைந்து தெரியும். லெட்ஜரில் பற்று ஒன்றுதான் என்றால் உங்கள் காசு இருமுறை போகவில்லை. கடைத் துண்டைக் கொண்டுபோய்க் காட்டினால் பூட்டைக் கழற்றச் செய்யலாம்.

ஆகக் குறைந்த மீதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. கணக்கை மூடினால் அதுவும் கைக்கு வரும். சில வங்கிகள் அதை எடுக்கக்கூடிய மீதியில் கழித்துக் காட்டும், சில கழிக்காமல் காட்டும். அதனால் அண்டை வீட்டாரின் துண்டோடு உங்கள் துண்டை ஒப்பிட வேண்டாம்.

உங்கள் கணக்கில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை வாசிக்கும் வேறு யாருக்காவது கணக்கு ஒத்துவராமல் போகலாம். யாருக்காவது கடனுக்குப் பிணை நின்று சேமிப்பைப் பொறுப்பாக எழுதிக் கொடுத்திருந்தால், அல்லது உங்கள் சொந்தக் கடனுக்கே சேமிப்பை ஈடு வைத்திருந்தால், அந்தத் தொகை கடன் முடியும்வரை பூட்டப்பட்டிருக்கும். இது நாள் போனால் தானாகக் கழராது. கடன் கட்டி முடிந்த பிறகும் பூட்டு அகற்றப்படாமல் மறந்துபோய்க் கிடப்பதுண்டு. கடன் முடிந்த கடிதத்தோடு போய் எழுத்தில் கேட்க வேண்டும்.

கணக்கு ஒத்துவரவில்லை என்றால் கவுண்டரில் 'என் காசு எங்கே' என்று கேட்பதைவிட, 'என் கணக்கில் வசூலாகாத செக் எவ்வளவு, கார்டுக்கு ஹோல்ட் எவ்வளவு, கடனுக்காகப் பூட்டிய லியன் எவ்வளவு' என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். வங்கிக் கணினியில் இவை தனித்தனியாகவே இருக்கும், பார்த்துச் சொல்ல ஒரு நிமிடம் போதும். மூன்றையும் ஒரு துண்டில் எழுதி, ஆகக் குறைந்த மீதியையும் சேர்த்து, லெட்ஜரில் கழியுங்கள். வரும் விடை ஏடிஎம் காட்டும் எண்ணோடு ஒத்துவர வேண்டும். வராவிட்டால் அப்போது முகாமையாளரிடம் போகலாம், கையில் கணக்கு இருக்கும்.

அடுத்த போகத்தில் நெல்லைக் கொடுக்கும்போது, செக்குக்குப் பதிலாக உங்கள் கணக்கு இலக்கத்துக்கு நேரடியாக அனுப்ப முடியுமா என்று மில்காரரிடம் கேட்டுப் பாருங்கள். செஃப்ட்ஸ் என்ற வழியில் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு உடனுக்குடன் காசு வரும், விடுமுறை நாளிலும் வரும். அனுப்புபவருக்குச் சிறு கட்டணம் உண்டு. அப்படி வரும் காசு ஏற்கெனவே வசூலாகிய காசு, ஆகவே இரண்டு மீதியும் ஒன்றாகக் கூடும். வாங்கிய நெல்லுக்குக் காசு தயாராக வைத்திருக்கும் மில்காரர் மறுக்கக் காரணம் இல்லை. செக்தான் தருவேன் என்று நின்றால், அவர் தன் கணக்கில் காசு வந்து சேர அந்த நாட்களை எதிர்பார்த்திருக்கிறார் என்று கொள்ளலாம். செக்கை வாங்குங்கள், ஆனால் வேலை நாளில் காலையிலேயே வங்கியில் கொடுத்துவிடுங்கள், எழுதிய திகதியையும் தொகையையும் அவர் முன்னாலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள். எழுத்திலும் எண்ணிலும் தொகை வேறுபட்டால் கணக்கில் காசு இருந்தாலும் செக் திரும்பும்.

இந்தச் செக்கைப் பொறுத்தவரை, வியாழன் காலை ஒரு ஏடிஎம்மில் மீதியை மட்டும் பாருங்கள். லீசிங் 14,500 போயிருந்தால், ஃபேனும் பதிந்திருந்தால், லெட்ஜரில் 187,150, எடுக்கக்கூடிய மீதியில் 186,150 இருக்க வேண்டும். ஃபேன் இன்னும் பதியாவிட்டால் லெட்ஜரில் 199,850 இருக்கும், எடுக்கக்கூடிய மீதி அதே 186,150தான். அப்படி இருந்தால் மெஷின்காரரின் 45,000ஐத் தாராளமாக எடுக்கலாம். எடுக்கக்கூடிய மீதி இன்னும் நாலாயிரத்துக்குள் நின்றால் கிளைக்குப் போய் செக் திரும்பியதா என்று கேளுங்கள். திரும்பியிருந்தால் காரணம் எழுதிய அறிவித்தல் துண்டைக் கட்டாயம் வாங்குங்கள், மில்காரரிடம் போய்க் கேட்பதற்கு உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அதுதான்.